ஐந்தாவது ஸ்பூல் ஓடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்த் திரையரங்கு இம்மாத இறுதியில் மூடப்படுவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியில், கடைசிக் காட்சியாக ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம் பிலிமிலேயே முழுமையாக ஓட்டப்படும் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. 1984 முதல் அந்த அரங்கின் கேபினில் வேலை பார்க்கும் ஆபரேட்டர் என்ற முறையில் அதைத் திருத்த வேண்டியவனாகிறேன். படம் முழுமையாக ஓடாது. மொத்தமுள்ள ஏழு ஸ்பூல்களில் ஐந்தாவதை நான் மெஷினில் ஏற்றப்போவதில்லை. அதன் காரணம் காட்சிக்கு முன்பே ஊராருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்தப் பிரதி விநியோகஸ்தர் திரும்ப எடுத்துச் செல்லாமல் விட்டுவிட்ட ஒன்று. அரங்கு டிஜிட்டலுக்கு மாறிய பிறகு, மாடிப்படிக்கு அடியில் தகரப் பெட்டிகளில் அடைந்து கிடந்தது. கடைசிக் காட்சிக்கு அதையே போடலாம் என்று உரிமையாளர் சொன்னதும், பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். நான்கு பெட்டிகள் வரை வழக்கமான பிலிம் வாசனைதான். ஐந்தாவதைத் திறந்தபோது வினிகர் நெடி மூக்கில் ஏறியது. அசிடேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கும்போது அசிட்டிக் அமிலம் வெளிப்படும். அந்த நெடிதான் அது. அது பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும் என்பதால், அந்தப் பெட்டியை அன்றே தனி அறைக்கு மாற்றிவிட்டேன்.

பிறகு எல்லா ஸ்பூல்களையும் ரீவைண்டரில் கையாலேயே மெதுவாகச் சுற்றினேன். பருத்திக் கையுறை அணிந்து, பிலிமின் இரு ஓரங்களையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஓடவிட்டால், கிழிந்த துளையும் விட்டுப்போன ஒட்டும் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரிந்துவிடும். பிரிந்திருந்த ஒட்டுகளைச் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி மறுபடி ஒட்டினேன். மூன்றாவது ஸ்பூலின் முடிவில், ஆணியால் கீறிய சிறு பெருக்கல் குறி ஒன்று இருந்தது. அடுத்த மெஷினுக்கு மாறச் சொல்லி, படத்தின் வலது மேல் மூலையில் இருக்க வேண்டிய சேஞ்ச் ஓவர் புள்ளிகள், கிழிந்த நுனியை வெட்டி வெட்டி ஓட்டியதில் போய்விட்டிருந்தன. அவற்றுக்குப் பதிலாக எனக்குத் தொழில் கற்றுத்தந்த பெரியவர் போட்ட குறி அது. அதை நான் அழிக்கவில்லை. அன்றைய காட்சியில் அந்தக் குறியைப் பார்த்துத்தான் இரண்டாவது மெஷினைத் திறப்பேன்.

ஐந்தாவதன் சிக்கல் ஒட்டுப் போட்டுத் தீர்வதன்று. பிலிம் சுருங்கியிருக்கிறது. ஒரு படச் சட்டத்துக்கு ஓரத்துக்கு நான்கு துளைகள். அவற்றில் பல் சக்கரம் பொருந்தி இழுப்பதால்தான் படம் நகர்கிறது. பழைய பிலிமைப் புது லீடர் பிலிமின் மேல் வைத்து 100 துளைகளை எண்ணிப் பார்த்தேன். மற்ற ஸ்பூல்களில் நூறாவது துளை ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்தது. ஐந்தாவதில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் உள்ள தூரத்துக்கு மேல் பின்தங்கியது. அதாவது ஒரு சதவீதத்துக்கும் கூடுதலான சுருக்கம். இதை ஓட்டினால் பற்கள் துளையின் நடுவில் அமராமல் விளிம்பைக் கடிக்கும். முதலில் டிக் டிக் என்று சத்தம் கேட்கும், படம் நடுங்கும், பிறகு ஓரம் நெடுகக் கிழிந்துகொண்டே போகும். சத்தம் காதில் விழுந்து நான் மோட்டாரை நிறுத்துவதற்குள், நொடிக்கு 24 சட்டம் என்ற வேகத்தில் எத்தனையோ அடி பாழாகியிருக்கும்.

ஒரு ஸ்பூல் என்பது 2,000 அடி, சுமார் 22 நிமிடம். படம் அறுந்தால் "ஆபரேட்டர்!" என்று விசில் பறக்கும் என்பதை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வந்தவன் நான், அந்தக் கோபம் நியாயமானது, டிக்கெட் வாங்கியவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் இந்தப் படத்துக்கு வேறு எங்கேனும் பிரதி இருக்கிறதா என்று தெரியாத நிலையில், ஒரு மாலைப் பொழுதுக்காக அதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. காட்சி முடிந்ததும் ஏழு ஸ்பூல்களையும் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஏற்குமா என்று கேட்டு உரிமையாளர் எழுத இசைந்திருக்கிறார். சுருங்கிய பிலிமையும் பல் சக்கரத்தில் மாட்டாமலே ஸ்கேன் செய்யும் கருவிகள் இன்று உண்டு. தம் வீட்டிலோ கிடங்கிலோ இப்படிப் பெட்டிகள் வைத்திருக்கும் வாசகர்கள், அவற்றைப் பிலிமிலுள்ள வெள்ளிக்காக எடைபோட்டு வாங்குபவரிடம் கொடுத்துவிடாமல் முதலில் காப்பகத்துக்கு எழுதிக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

நான்காவது ஸ்பூல் முடிந்ததும் அரங்கின் விளக்குகளைப் போடுவேன். எங்கள் வாசலில் முப்பது ஆண்டுகள் டிக்கெட் கிழித்த அண்ணன் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. திரைக்கு முன் நின்று அந்த 22 நிமிடக் கதையை அவர் சொல்லி முடித்த பிறகு, ஆறாவது ஸ்பூல் ஓடும்.

இப்படிக்கு,
ஓர் ஆபரேட்டர்,
மன்னார்குடி வட்டம்.