பேப்பர் போடும் அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி,

இருபதாம் தேதியோடு பேப்பரை நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். அப்பாவின் கண்ணைப் பற்றி ஊரெல்லாம் படிக்க நான் இங்கே எழுதப் போவதில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் இருபது நாள். பொங்கல் லீவில் பேப்பர் வராத ஒரு நாளைக் கழித்தால் 19 பேப்பர். ஞாயிறு மூன்று, பத்து ரூபாய் வீதம் 30. மற்ற 16 நாளும் ஏழு ரூபாய் வீதம் 112. ஆக 142. வீட்டுக்குப் போடும் கூலி மாசம் 30 ரூபாய். இருபது நாளுக்கு உள்ளதுதான் தருவேன் என்று தம்பி நின்றானே, அது எனக்கு உடன்பாடில்லை. முழுக் கூலியும் சேர்த்து 172 ரூபாய் தருகிறேன்.

எத்தனை காப்பி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு, விடியுமுன் பஸ் ஸ்டாண்டில் போய்ப் பார்சல் எடுக்கிறவர் நீங்கள். மிஞ்சினதையெல்லாம் பேப்பர் கம்பெனிக்காரர்கள் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை. நாங்கள் மாசத்தின் நடுவில் திடீரென்று வேண்டாம் என்றால், காப்பியைக் குறைக்கும் வரை அந்தக் காசு உங்கள் கையை விட்டுத்தான் போகும். பக்கத்து வீடுகளில் கிடைக்கிற கமிஷன் அதற்கே சரியாகிவிடும். தம்பிக்கு இது புரியவில்லை. அவன் பேசியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவனைச் சீண்டியதும் நீங்கள்தான். டீக்கடையில் நாலு பேர் முன்னால் பாக்கியைக் கேட்கலாமா? என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன், அந்த நாலு பேரும் இதைப் படிப்பார்கள். எந்த மாசம் நாங்கள் காசு நிறுத்தி வைத்தோம்? ஆனி ஆடிச் சாரலில் நனைந்து, பக்கம் பக்கமாக ஒட்டிப்போன பேப்பருக்குக்கூட ஒரு ரூபாய் கழித்ததில்லை.

ஒக்கிப் புயலை நினைத்தால் இந்தக் கோபமும் மனசில் தங்க மாட்டேன் என்கிறது. 2017 நவம்பர் 30 அன்று அடித்தது. இரண்டொரு நாள் கழித்தும் கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோட்டை மறித்து ரப்பர் மரங்கள். சைக்கிளை எங்கேயோ போட்டுவிட்டு, பேப்பர் கட்டைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்து நடந்தே வந்தீர்கள். திண்ணையில் அப்பா சத்தமாக வாசித்தார். தூத்தூர்ப் பக்கம் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிய செய்தி வந்ததும், எதிர்வீட்டு அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தம்பி முறையுள்ளவர் ஒருவர் அந்தப் படகுகளில் போயிருந்தார். “ஊர்ப் பேரை நிதானமா வாசிங்க, அவங்க கேக்கட்டும்” என்றீர்கள். அப்பா இரண்டாம் தடவை வாசித்து முடிக்கும் வரை, மற்ற வீட்டுப் பேப்பரோடு நீங்கள் அங்கேயே நின்றீர்கள்.

அதனால்தான் டீக்கடைப் பேச்சு இவ்வளவு வலித்தது.

பணத்தைக் கடையில் உங்கள் மகனிடம் தரமாட்டேன். வீட்டுக்கு வாருங்கள், அப்பா கையால் வாங்கிக்கொள்ளுங்கள். கார்டில் தேதி போட்டு, பாக்கி இல்லை என்று எழுதி, அவர் கேட்கும்படி ஒருமுறை வாசித்தும் காட்டுங்கள்.