தூக்குப்போசியும் போர்வையும்

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கிறது.

மருத்துவமனை நிர்வாகம் உன் கைக்கு வந்து முதல் தீபாவளி. 150 பேருக்குப் பரிசு வாங்கும் பொறுப்பும் உன் தலையில் விழுந்திருக்கிறது. "டாக்டருக்கும் ஆயாம்மாவுக்கும் ஒரே பரிசு கொடுத்தால் சரியாக வருமா?" என்று கேட்டிருந்தாய். இங்கே கோவையில் எங்கள் பம்ப் கம்பெனியில் போன வருடம் இதையேதான் செய்தோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், உனக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்.

அதற்கு முந்தின வருடம் வரை எங்களிடம் நான்கு தட்டு இருந்தது. மேனேஜர் 12 பேருக்கு வெள்ளிக் காசும் முந்திரி, பாதாம் பெட்டியும், ஆளுக்கு 6,000 ரூபாய். ஆபீஸ் ஸ்டாஃப் 58 பேருக்கு 1,800 ரூபாயில் ஹாட் பாக்ஸ் செட். நிரந்தரத் தொழிலாளர்கள் 220 பேருக்கு 500 ரூபாய்க்கு ஸ்வீட்டும் காரமும். ஒப்பந்த ஆட்கள் 90 பேருக்கு 250 ரூபாய்க்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ். அன்றைக்கு மாலை எல்லோரும் ஒரே கம்பெனி பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். ஒருவர் மடியில் பெரிய பெட்டி, பக்கத்து சீட்டில் கால் கிலோ டப்பா. ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் டப்பாவைப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்து மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பரவாயில்லைங்க சார், நீங்களே வச்சுக்குங்க" என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு தட்டையும் கூட்டினால் 3,08,900 ரூபாய் வந்தது. அதை 380 பேருக்குச் சமமாக வகுத்தால் ஆளுக்கு ஏறக்குறைய 813 ரூபாய். பணம் போதாமல் நாங்கள் அப்படிப் பிரிக்கவில்லை, மாப்ளே. மேலே 12 பேருக்கு மட்டும் 72,000 போயிருந்தது. அதே பணத்தில் எல்லோருக்கும் ஒரு நல்ல பொருள் கொடுத்திருக்க முடியும். இந்தக் காகிதத்தைத்தான் முதலாளியிடம் கொண்டுபோய் வைத்தேன். நீயும் முதலில் போன வருடத்து பில்களை எடுத்து இந்தக் கூட்டலைப் போடு. பேச்சைவிட அந்த ஒரு எண் அதிகம் வேலை செய்யும்.

எல்லோருக்கும் ஒரே பரிசு என்றதும் இரண்டு மேனேஜர்கள் முகம் சுளித்தார்கள், மறைக்க மாட்டேன். "பதவி வித்தியாசம் சம்பளத்திலும் இன்க்ரிமென்ட்டிலும் தெரிகிறது, பண்டிகையில் தெரிய வேண்டாம்" என்றார் முதலாளி. அதற்கப்புறம் பேச்சு எழவில்லை. உன் டாக்டர்களில் யாராவது அப்படி நினைத்தால், அவர்களுக்குத் தனியாகச் செய்ய வேண்டியதை வேறொரு நாளில் செய்யச் சொல். தீபாவளி வரிசையில் வேண்டாம்.

அடுத்தது ஆள் கணக்கு. ஒப்பந்தக்காரர் கொடுத்த பட்டியலில் 90 பேர்தான் இருந்தார்கள். வாட்ச்மேன் அறையில் இருக்கும் கேட் ரெஜிஸ்டரை இரண்டு மாதத்துக்குப் புரட்டினால் 97 பேர் வந்தது. மாற்று வாட்ச்மேன் இரண்டு பேர், கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் அம்மா, தோட்டக்காரர், பஸ் டிரைவர்கள் மூன்று பேர், இவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. முந்தின வருடங்களில் இவர்களுக்கு ஒன்றுமே போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மொத்தம் 387 பேர். ஆளுக்கு 800 ரூபாய் என்று வைத்தோம், 3,09,600 ஆயிற்று. இந்த 387 பேர் கணக்கில் பழைய செலவைவிட 700 ரூபாய்தான் கூடுதல். உன்னிடம் ஆம்புலன்ஸ் டிரைவர், லாண்டரி ஆள், ராத்திரி மட்டும் வரும் செக்யூரிட்டி எல்லாம் இருப்பார்கள். சம்பளப் பட்டியலை நம்பாதே, வாசல் நோட்டைப் பார்.

என்ன பொருள் என்பதற்கு ரொம்ப நாள் மண்டையைக் குடைந்தோம். "என்ன வேண்டும்?" என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், பாதிப் பேர் "பணமாக் கொடுங்க" என்கிறார்கள். அது நியாயமான பதில்தான். ஆனால் அதே வாரத்தில் 8.33 சதவீதத்துக்குக் குறையாமல் போனஸ் போகிறது. 800 ரூபாய் அதோடு கலந்தால் பரிசு வந்ததே தெரியாது, போனஸில்தான் ஏதோ சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றாகிவிடும். அதனால் கேள்வியை மாற்றினோம். ஷிஃப்டுக்குப் பத்துப் பேராகப் பிடித்து, "இதுவரை எங்கேயாவது பரிசாக வந்த பொருளில் இன்றைக்கும் உங்கள் வீட்டில் புழங்குவது எது?" என்று கேட்டோம். பதில் தெளிவாக இருந்தது. ஹாட் பாக்ஸ் பரணில் கிடக்கிறது, சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது, கம்பெனி பெயர் போட்ட பை கிழிந்துவிட்டது. புழங்குவது இரண்டுதான், எவர்சில்வர் பாத்திரமும் போர்வையும்.

சரி, இரண்டையும் வைத்தோம். ஒரே விலையில் மூன்று லிட்டர் தூக்குப்போசி ஒன்று, சென்னிமலைப் போர்வை ஒன்று. எதை எடுப்பது என்பது அவரவர் விருப்பம். மேனேஜரும் சரி, ஹெல்ப்பரும் சரி, ஒரே சீட்டில் டிக் அடித்துக் கொடுக்க வேண்டும். 240 பேர் தூக்குப்போசி கேட்டார்கள், 147 பேர் போர்வை. ஹாஸ்டலில் இருக்கும் ஒடிசா, பிகார் பையன்கள் ஏறக்குறைய எல்லோருமே போர்வைதான். இரண்டு நாள் ரயிலில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவார்கள்? ஒரே பொருள் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் அவர்களுக்கு அது சுமையாகியிருக்கும். குத்துவிளக்கு வாங்கலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. எல்லா மதத்தவரும் வேலை செய்யும் இடம், எல்லா வீட்டுச் சமையலறைக்கும் போகும் பொருளாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பாத்திரம் வாங்கும்போது ஒன்றைக் கவனி. கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி "ஒட்டலை பாருங்க, ஒரிஜினல்" என்பார். எவர்சில்வரில் நல்ல 304 ரகமும் ஒட்டாது, மட்டமான 202 ரகமும் ஒட்டாது. அதனால் காந்தம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. இதற்கென்று ஒரு சொட்டு மருந்து விற்கிறார்கள். பாத்திரத்தில் ஒரு துளி விட்டு சின்ன பேட்டரியைத் தொட்டால், மாங்கனீசு அதிகமுள்ள 202 சிவக்கும். 304-ல் அந்தச் சிவப்பு வராது. புளியும் உப்பும் படும் பாத்திரம், 202 என்றால் சில வருடத்தில் புள்ளி விழ ஆரம்பிக்கும். எங்களுக்கு 202-ல் 430 ரூபாய்க்கும் 304-ல் 600 ரூபாய்க்கும் விலை சொன்னார்கள். 600-ஐத்தான் எடுத்தோம். விலையை ஜிஎஸ்டி சேர்த்தே ஒப்பிட்டுப் பார். இலவசமாகக் கொடுக்கும் பரிசுப் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. உங்கள் அக்கவுன்டன்ட் சொல்வதற்குள் நீயே தெரிந்துகொள்.

இன்னொன்று எடை. மாதிரி கொண்டுவந்த தூக்குப்போசி 720 கிராம். அதை எடை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து என் அலமாரியில் வைத்தேன். சரக்கு வந்ததும் கலைத்து எடுத்து 20 போசியை நிறுத்தோம். ஆறு போசி 640 கிராம்தான் இருந்தது. தகடு மெலிசு, கையில் பிடித்தால் தெரியாது, தராசில்தான் தெரியும். சீல் வைத்த மாதிரி இருந்ததால் வாக்குவாதமே இல்லை, மொத்தத்தையும் நிறுத்துப் பார்த்து மெலிசானதை மாற்றிக் கொடுத்தார்கள். பாதிப் பணம் எங்கள் கையில் இருந்ததும் ஒரு காரணம். இதற்கெல்லாம் நாள் வேண்டும். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் சரக்கு கைக்கு வரும்படி ஆர்டர் போடு. ஐப்பசி பிறந்தபின் வந்த சரக்கைத் திருப்பி அனுப்பவே முடியாது.

போர்வைக்கு ஒரு மாதிரியை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று தடவை துவைத்தேன். முன்னும் பின்னும் நீள அகலம் அளந்தேன். ஈரத்தில் வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கருநீலம் சாயம் விட்டது, அதை மட்டும் நீக்கச் சொல்லிவிட்டோம்.

மீதி 200 ரூபாய்க்கு ஸ்வீட்டும் காரமும் கலந்து அரை கிலோ. பால் ஸ்வீட் வேண்டாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். லட்டும் மிக்சரும் ஊருக்குப் போகிறவர் பையிலும் தாங்கும். டப்பா எடையைக் கழித்துத்தான் அரை கிலோ என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்.

அப்புறம் எனக்கு மனசுக்குப் பிடித்த விஷயம் ஒன்று. போசியில் கம்பெனி பெயரைப் பெரிதாகப் பொறிக்கலாம் என்று மார்க்கெட்டிங்கில் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாகப் பாத்திரத்தில் பெயர் வெட்டும் இரண்டு பேரைக் கேன்டீன் பக்கம் மூன்று நாள் உட்காரவைத்தோம். அவரவர் சீட்டில் தன் கையால் எழுதிக் கொடுத்ததை அப்படியே வெட்டித் தந்தார்கள். பெயர் வெட்டினால் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது என்பதால், வேண்டாம் என்றவர்களுக்கு வெட்டவில்லை, அப்படி 30 பேருக்கு மேல் இருந்தார்கள். மெஷின் ஷாப்பில் ஒருவர் மகள் பெயரை எழுதிக் கொடுத்தார். "அவ கல்யாணத்துக்குச் சீர்ல வைப்பேன் சார்" என்றார்.

கொடுக்கும்போது டோக்கன் நம்பர் வரிசைதான், பதவி வரிசை இல்லை. ஜி.எம். 211-வது ஆளாக நின்று வாங்கினார். ராத்திரி ஷிஃப்டுக்கு அன்றைக்கே ராத்திரி பத்து மணிக்கு நானே இருந்து கொடுத்தேன், மறுநாள் என்று தள்ளவில்லை. உன் ராத்திரி டூட்டி நர்ஸ்களுக்கும் அப்படியே செய். பிரசவ விடுப்பில் இருந்த ஒருவருக்கு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பத்து உருப்படி கூடுதலாக வாங்கி வைத்திருந்தது இங்கேதான் உதவியது. கடைசி வாரம் வேலைக்குச் சேர்ந்த நான்கு பேர் வெறுங்கையோடு நிற்கவில்லை.

எல்லாம் சரியாக நடந்தது என்று நினைக்காதே. போர்வையில் நிறத்தைத் தேர்ந்தெடுக்க விடவில்லை, அதில் கொஞ்சம் மனக்குறை. இந்த வருடம் சீட்டிலேயே நிறத்தையும் சேர்க்கிறோம். அப்புறம் அந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா. போசியைப் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தார், பெயர் வெட்டிய பக்கம் வெளியே தெரியும்படி.

எங்களுடைய சீட்டின் நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். சொட்டு மருந்து புட்டி ஒன்றும் மீதி இருக்கிறது, அடுத்த வாரம் மதுரை வரும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் ஆள் கணக்கு எத்தனை வந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் மாப்ளை