நோன்பு மாதத்து வேலை நேரம்: நிலாவெளியில் நிற்கும் மகனுக்கு

அன்புள்ள மகன்,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த முறை நோன்புக்குள் நிலாவெளி வீட்டின் வெளிப்பூச்சு வேலை உன் பொறுப்பில் வருகிறது என்று உம்மா சொன்னா. நான் கட்டாரில் இருந்துகொண்டு பக்கத்தில் நின்று காட்ட முடியாது. அதனால் செய்ய வேண்டியதை எழுதிவிடுகிறேன். ஆறுதலாக வாசி.

முதலில் வீட்டுக்காரரிடம் நேரத்தைப் பேசி முடித்துக்கொள். இங்கே நோன்பு மாதத்தில் நாளுக்கு 6 மணித்தியாலம்தான் வேலை என்று சட்டமே இருக்கிறது. நம்முடைய ஊரில் நாள்கூலிக்கு அப்படி எதுவும் இல்லை, பேசித்தான் எடுக்க வேண்டும். கணக்கைக் காட்டிப் பேசு. வழமையாகக் காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிக்கு முடிக்கிறோம். அதில் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம், இரண்டு தேத்தண்ணிக்கு அரை மணித்தியாலம் போக, கை வேலை செய்வது ஏழரை மணித்தியாலம்தான். நோன்பில் சுபஹ் தொழுதுவிட்டு 6 மணிக்குத் தொடங்கு. 9 மணிக்கு ஒரு கால் மணித்தியாலம் நிழலில் இருந்துவிட்டு 12 மணி வரை செய். பிறகு ளுஹர் தொழுது, 12.45 முதல் 2.15 வரை செய்தால் ஏழேகால் மணித்தியாலம் வந்துவிடும். அவருக்குக் குறைவது கால் மணித்தியாலம்தான். காலையில் கையும் கண்ணும் தெளிவாக இருக்கிற நேரம் அவருக்கே கிடைக்கிறது என்றும் சொல்.

இனி வேலையின் வரிசை. மாசி, பங்குனி வெயிலில் நோன்பாளி வெயிலோடு நிற்கக்கூடாது, புதுப் பூச்சும் வெயிலில் காயக்கூடாது. இரண்டுக்கும் ஒரே வழிதான். காலையில் மேற்குச் சுவரைப் பூசு, அந்த நேரம் அங்கே நிழல். ளுஹருக்குப் பிறகு கிழக்குப் பக்கம் நிழலாகும். ஆனால் அந்த நேரத்தில் யாரையும் சாரத்தில் ஏற்றாதே. நிலத்தில் நின்றபடி எட்டுகிற இடம், சன்னல் ஓரம், உள் அறை என்று கொடு. நோன்பாளிக்குத் தலை சுற்றுவது பெரும்பாலும் குனிந்து நிமிரும்போதும் சாரத்தில் ஏறி இறங்கும்போதும்தான், அதுவும் பகல் ஏற ஏறக் கூடும். தெற்குச் சுவரை ஒரு நாள் தனியாக எடுத்து 6 மணிக்கே தொடங்கி 9 மணிக்குள் முடித்துவிடு.

அதிகமாகப் பிழைக்கிற இடம் கலவை. நோன்பில் 10 மணிக்குப் பிறகு கை மெதுவாகும். ஆனால் கையாள் பழக்கத்தில் முழு மூட்டைக்கே கலவை போட்டுவிடுவான். தண்ணீர் ஊற்றி ஒரு மணித்தியாலம் தாண்டினால் சீமெந்து இறுகத் தொடங்கும். பூச முடியாமல் திரும்பத் தண்ணீர் ஊற்றி இளக்குவார்கள். அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பிறகு அந்த இடம் மட்டும் மயிர்க்கோடாக வெடிக்கும், விரலால் தட்டினால் பொள்ளென்று கேட்கும். ஆகவே 10 மணிக்குப் பிறகு ஒரு தடவைக்கு அரை மூட்டைக்கு மேல் கலக்க விடாதே. மண்ணும் சீமெந்தும் ஐந்துக்கு ஒன்று என்ற அளவு மாறக்கூடாது, தொகைதான் குறைய வேண்டும்.

நோன்பு பிடிக்காத தமிழ், சிங்களப் பிள்ளைகளும் உன்னோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு 9 மணிக்குத் தேத்தண்ணியும் பகல் சாப்பாடும் நேரத்துக்குப் போக வேண்டும். அவர்கள் ஒளிந்து சாப்பிடுகிற நிலை வரக்கூடாது. நாம் பசியோடு நிற்கிறோம் என்பதற்காகப் பாரமான வேலை முழுவதையும் அவர்கள் தலையில் போடுவதும் சரியில்லை. பின்னேரம் சுவர் நனைக்கிற வேலையை மட்டும் அவர்களில் ஒருவருக்குத் தனிக் கூலியோடு கொடு. ஏழு நாள் தொடர்ந்து நனைய வேண்டும்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பள்ளிவாசல் நேர அட்டையையே பார். வானொலியில் வருகிற கொழும்பு பாங்கைக் கேட்டு ஸஹரை நிறுத்தாதே. நாம் கொழும்புக்குக் கிழக்கே இருக்கிறோம், சூரியன் நமக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம் முந்தியே உதிக்கும், முந்தியே மறையும். கொழும்பு நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இங்கே சுபஹுடைய நேரம் தொடங்கியிருக்கும். கொழும்பில் வேலை செய்கிற உன் தம்பிக்கு இது மறுபக்கமாக வரும். நம்முடைய பள்ளிப் பாங்கைத் தொலைபேசியில் கேட்டு அவன் நோன்பு திறந்தால் அங்கே சூரியன் மறைந்திருக்காது. அவனுக்கும் சொல்லி வை. இந்த மாதத்தில் நமக்கு சுபஹ் 5 மணிக்கு முன்பின்னாகவும் மஃரிப் 6.15ஐ ஒட்டியும் வரும்.

ஸஹருக்கு 3.50க்கு எழும்பு. கறியை இரவே ஆக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், ஆனால் சோற்றை அந்த நேரத்தில்தான் ஆக்க வேண்டும். இரவு 9 மணிக்கு ஆக்கிய சோறு மூடிய சட்டியில் விடியும்வரை இருந்தால், மணம் மாறாவிட்டாலும் வயிற்றைக் கலக்கும். நோன்போடு வயிற்றோட்டம் வந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, மீன், ஒரு வாழைப்பழம் போதும். கருவாடு, ஊறுகாய், பொரித்த பப்படம் மூன்றையும் ஸஹரில் தொடாதே, 11 மணிக்கே நா வறண்டுவிடும்.

தண்ணீரை ஸஹரில் மொத்தமாகக் குடித்து வைப்பதால் பயனில்லை, வெயில் ஏறுமுன்பே பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தோடு இரண்டு கிளாஸ், பிறகு பள்ளியில் தருகிற கஞ்சி. தராவீஹுக்குப் போகும்போது ஒரு லீற்றர் போத்தலைக் கொண்டுபோய்ப் படுக்குமுன் முடித்துவிடு. ஸஹரில் இரண்டு கிளாஸ். கஞ்சியையும் சேர்த்தால் இரண்டு லீற்றருக்கு மேல் வரும். அஸர் நேரத்தில் சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் இரவில் குடித்தது காணாது என்று எடுத்துக்கொள்.

தேத்தண்ணி பழகியவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாளும் தலையிடி வரும். நோன்புக்கு ஒரு கிழமை முந்தியே பகல் தேத்தண்ணியை ஒவ்வொன்றாகக் குறைக்கச் சொல், அவ்வளவும் வராது.

இதை நன்றாக மனதில் வை. ஒருவன் பேச்சுத் தடுமாறினாலோ, நிற்க முடியாமல் குந்தினாலோ, வெயிலில் நின்றும் வியர்வை நின்று உடம்பு கொதித்தாலோ, உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தலையிலும் கழுத்திலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்று. நினைவு தெளிவாக இருந்தால் குடிக்கக் கொடு. நோன்பு முறிந்தாலும் பரவாயில்லை. நோயாளி வேறு நாட்களில் எண்ணிக்கையை நிறைவேற்றலாம் என்று குர்ஆனில் இருக்கிறது. நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடு. கூலி வெட்டு விழும் என்ற பயத்தில் இதைச் சொல்லாமல் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழும்பி வீட்டுக்குப் போகிறவனுக்கும் முழு நாள் கூலி உண்டு என்று முதல் நாளே எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிடு.

தூக்கத்தை வேலையோடு சேர்த்தே கணக்குப் பார். தராவீஹ் முடிந்து 10 மணிக்குப் படுத்தாலும் 3.50 வரை ஆறு மணித்தியாலம் இல்லை. 2.15க்கு வேலை விட்டதும் அஸர் வரை ஒரு மணித்தியாலம் படுத்தால்தான் சரிவரும். கடைசிப் பத்தில் இரவு வணக்கம் நீளும், தூக்கம் இன்னும் குறையும். ஆகவே சாரம் கட்டிச் செய்கிற பூச்செல்லாம் இருபதாம் நோன்புக்குள் முடிய வேண்டும். அதன் பிறகு உள் அறைத் தரை, விளிம்பு வேலை மட்டும் வை. இருபத்தேழாம் இரவுக்கு அடுத்த நாள் வேலை போடாதே. எல்லோருடைய கூலியையும் அன்றைக்கே கையில் கொடுத்துவிடு, பெருநாள் உடுப்பும் பித்ராவும் அதில்தான் பார்க்க வேண்டும்.

உம்மாவுக்கு சலாம் சொல். இருபதாம் நோன்பன்று எந்தச் சுவர் மிச்சம் என்று படம் எடுத்து அனுப்பு.

வாப்பா