நார் ஏன் நெகிழ்கிறது

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பண்டிகைக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போதே ஒரு பரிசைக் கட்டிப் பார்த்துவிட்டாய். நல்ல காரியம். கடைசி நாள் ராத்திரியில் இந்தத் தொல்லையெல்லாம் தெரியவந்திருந்தால் ஒட்டு டேப்பைத்தான் தேடி ஓடியிருப்பாய். மூன்று குறை எழுதியிருந்தாய். இரவு இறுக்கிக் கட்டிய வாழைநார் காலையில் தொளதொளத்துவிட்டது. நார் பட்ட இடத்தில் செய்தித்தாள் ஊறி மை கலங்கிவிட்டது. துணியில் கட்டப் போனால் முனைகள் முடிச்சுக்கு எட்டவில்லை. முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஈரம்.

மட்டையிலிருந்து அப்போதே உரித்த பச்சை நாரால் கட்டியிருப்பாய் என்று நினைக்கிறேன். பச்சை நாரில் பெரும்பகுதி தண்ணீர். காயும்போது அதன் நீளம் அதிகம் குறையாது, அகலமும் தடிப்பும்தான் சுருங்கும். முடிச்சு நிற்பதே ஒரு சுற்று இன்னொரு சுற்றை நெரித்துப் பிடிப்பதால்தான். தடிப்பு குறைந்ததும் அந்தப் பிடி போய்விடுகிறது. கட்டும்போது எவ்வளவு இறுக்கினாலும் இதைத் தடுக்க முடியாது. அதனால் நாரை முதலில் நிழலில் நன்றாகக் காயவை. பிறகு திரும்ப நனைத்துக் கட்டு. ஒருமுறை காய்ந்து சுருங்கிய நார், நனைந்தாலும் பச்சையில் இருந்த அளவுக்குப் பருக்காது. ஆகவே இரண்டாம் முறை காயும்போது நெகிழ்வதும் கொஞ்சம்தான். ஓலையில் கூடை முடைகிறவர்களும் காய்ந்த ஓலையை நனைத்துத்தான் எடுக்கிறார்கள்.

நனைப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். பத்து நிமிடம் தண்ணீரில் கிடந்தால் போதும். எடுத்து, ஒரு துணிக்குள் பிடித்து உருவித் துடைத்துவிடு. பிறகு லேசான ஈரத்துணியில் சுருட்டி அரை மணி நேரம் வை. மேலே இருக்கிற தண்ணீர் போய், உள்ளே இருக்கிற ஈரம் சமமாகப் பரவும். ஒரு நாரை விரலில் சுற்றிப் பார். மடிப்பில் வெடித்தால் இன்னும் நனைய வேண்டும். வெடிக்காமல் சுற்றிக்கொண்டு, அவிழ்த்த பிறகு விரல் காய்ந்தே இருந்தால் அதுதான் பதம். விரல் ஈரமானால் தாளும் ஈரமாகும். நீ பார்த்த மைக்கறை அப்படி வந்ததுதான். கட்டி முடித்ததைக் காற்றுப் படும்படி ஒரு நாள் வை. உடனே அலமாரிக்குள் அடைத்தால் நாரில் பூஞ்சை பிடிக்கும்.

இனி உன் பெட்டிக்கு வருவோம். நீளம் 20, அகலம் 15, உயரம் 8 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தாய். தாள் பெட்டியைச் சுற்றி வர அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கு: 46. ஒன்றன்மேல் ஒன்று ஏற மூன்று சேர்த்தால் 49. மற்றப் பக்கத்துக்கு நீளம் 20, இரு ஓரங்களிலும் மடிக்க ஆறு ஆறாக 12, ஆக 32. ஓர மடிப்புக்கு உயரத்தில் முக்கால் பங்கு விட்டால் சரியாக இருக்கும். முழு உயரத்துக்கும் மேலே விட்டால் அங்கே தாள் பொதிபொதியாகக் குவிந்துகொள்ளும். பெரிய செய்தித்தாளின் ஒரு பக்கத்திலேயே பெரும்பாலும் இது அடங்கிவிடும். ஆனால் ஒற்றைத் தாள் பெட்டியின் மூலையில் கிழியும், இரண்டாக வை. பெரிய தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். இழைகள் பெரும்பாலும் நெடுக்காக ஓடுவதுதான் காரணம். குறுக்கே வெட்டக் கத்தரிக்கோலே நல்லது.

செய்தித்தாள் மை காய்ந்து கெட்டிப்படுகிற வகை இல்லை. தாளுக்குள் இறங்கி நிற்கும், தேய்த்தால் வரும். வெளிர் நிறப் பொருளானால் உள்ளே ஒரு வெள்ளைத் தாளோ பழைய மெல்லிய துணியோ சுற்றிவிடு. தின்பண்டத்தை எக்காரணம் கொண்டும் நேரடியாக அதில் வைக்காதே. இன்னொன்று: மேலே வரப்போகிற பக்கத்தைக் கட்டும் முன்பே படித்துப் பார்த்துவிடு. பண்டிகைப் பரிசின் நட்டநடுவே கண்ணீர் அஞ்சலி வந்து உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்!

நார் எவ்வளவு வேண்டும் என்றால், நெடுக்கும் குறுக்குமாக ஒரு கட்டுக்கு நீளம் இருமடங்கு, அகலம் இருமடங்கு, உயரம் நான்கு மடங்கு. உன் பெட்டிக்கு 102 வரும். முடிச்சுக்கு முப்பது சேர்த்து 132 சென்டிமீட்டர் வைத்துக்கொள். விரல் அகலத்துக்குக் கிழித்த ஒரே நாராக இருக்கட்டும், நடுவில் ஒட்டு வேண்டாம். நாரின் நடுப்பகுதியைப் பெட்டியின் மேல் குறுக்காக வைத்து, இரு முனைகளையும் அடியில் கொண்டுபோய் ஒன்றையொன்று சுற்றித் திருப்பி, நெடுக்காக மேலே கொண்டு வா. அங்கே ஏற்கெனவே இருக்கும் குறுக்கு நாருக்கு அடியில் ஒரு முனையை நுழைத்து எடுத்து முடிச்சுப் போட்டால் கட்டு நழுவாது.

பனங்குருத்து ஓலையானால் முடிச்சே வேண்டாம். முடிச்சில் அது வெடிக்கும். ஈர்க்கை நீக்கி, அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு ஊசியால் கிழித்து, ஒரு முனையருகே நெடுக்காகச் சின்ன வாய் கீறு. பெட்டியைச் சுற்றி வந்து மறுமுனையை அந்த வாயில் நுழைத்து, பின்னால் மடக்கி, பட்டைக்கு அடியிலேயே செருகிவிடு. ஐந்து சென்டிமீட்டர் மடக்கினால் பிடித்துக்கொள்ளும். கீறலை முனையை ஒட்டிப் போட்டுவிடாதே, இழுக்கும்போது அறுந்துவிடும். விரல் அகலம் உள்ளே தள்ளிப் போடு.

துணி விஷயம் வெறும் கணக்கு. பெட்டியின் நீளத்தைப் போல் மூன்று மடங்கு மூலைவிட்டம் இருந்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். தட்டையான பெட்டிக்குத்தான் அது சரி. உன்னுடையதில் உயரம் 8 இருக்கிறது. நீளம் இருமடங்கு 40, உயரம் இருமடங்கு 16, முடிச்சுக்கு இரு பக்கமும் சேர்த்து 24, ஆக 80 சென்டிமீட்டர் மூலைவிட்டம் வேண்டும். அதை 1.4-ஆல் வகுத்தால் பக்கம் 57. நீ எடுத்தது 45 சென்டிமீட்டர் சதுரம், அதன் மூலைவிட்டமே 64-தான். எப்படி எட்டும்? 60 சதுரமாக எடு.

ஒரு முனை உன்னைப் பார்க்கத் துணியை விரித்து, பெட்டியின் நீளம் இடவலமாக வரும்படி நடுவில் வை. உன் பக்கத்து முனையைப் பெட்டிமேல் போர்த்தி, மிஞ்சிய நுனியை உள்பக்கம் மடித்துவிடு. எதிர் முனையையும் அப்படியே. பிறகு இடது, வலது முனைகளை மேலே கட்டு. முதலில் வலதை இடதின் மேல் போட்டால், அடுத்த முறை இடதை வலதின் மேல் போட வேண்டும். சரியாக விழுந்தால் முடிச்சின் காதுகள் பெட்டியின் நீளத்தோடு படுத்துக்கொள்ளும். குறுக்கே துருத்திக்கொண்டு நின்றால் இரண்டு முறையும் ஒரே கையை மேலே போட்டிருக்கிறாய் என்று அர்த்தம், வழியிலேயே அவிழும். வழவழப்பான பட்டு எந்த முடிச்சிலும் நழுவும், நடுத்தரத் தடிமன் பருத்தியே பார். புதுத் துணியை ஒருமுறை அலசி எடு. கஞ்சி இருந்தால் முடிச்சு விறைத்துக்கொண்டு நிற்கும்.

பாட்டிலுக்கும் கேட்டிருந்தாய். அதற்கு உயரமும் அடிச் சுற்றளவும் வேண்டும். அளந்து எழுது, துணியளவைக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்