பாதிக் கையெழுத்து நடுநிலை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

துணிவு என்பது கோழைத்தனத்துக்கும் கண்மூடித்தனமான துடுக்குக்கும் இடைப்பட்டது என்று அரிஸ்டாட்டில் கூறியதை, இரு பக்கமும் பாதி பாதி என்று புரிந்துகொள்பவர்கள் பலர். கடலூரில் ஒரு ரசாயன ஆலையில் நான் பணிபுரிந்தபோது, உள்ளே ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அளந்து பார்க்காமலேயே, தொட்டிக்குள் ஆளை இறக்கும் அனுமதிச் சீட்டில் கையெழுத்திடுமாறு மேலாளர் வற்புறுத்தினார். "கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஓரத்தில் 'அளவு பிறகு' என்று எழுதிவிடுங்கள் சார்" என்றார் உடனிருந்தவர். அது நடுநிலை அன்று. பேனா பிடித்த கோழைத்தனம். ஓடிக்கொண்டிருந்த ரியாக்டரை அப்படியே விட்டுவிட்டு வாயிலில் போய்க் கத்தியிருந்தால், அது துடுக்கு. நான் கையெழுத்திட மறுத்து, காரணத்தை ஷிப்டு பதிவேட்டில் எழுதி, பாதுகாப்பு அலுவலரை அழைத்தேன். கருவி 17 என்று காட்டியது.

அரிஸ்டாட்டில் சொல்லும் நடு, ஆளுக்கேற்ப மாறுவது. நிரந்தர ஊழியனான எனக்கு (உண்மையைச் சொன்னால்) அன்று பெரிய துணிவு தேவைப்படவில்லை. அதே சீட்டை ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரிடம் நீட்டியிருந்தால், தனியே எதிர்த்து நிற்காமல் மூத்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு மறுப்பதே அவருக்குரிய துணிவாக இருந்திருக்கும்.

– ஓய்வுபெற்ற ஷிப்டு பொறுப்பாளர், கடலூர் முதுநகர்