கணக்கைப் போடும் முன் வரம்பைப் போடச் சொல்லுங்கள்

ஜே.இ.இ. தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பிளஸ் டூ கணித, இயற்பியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் மாலை நேரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறவன்தான். போன மாதம் ஒரு மாணவி, தான் எழுதிய மாதிரித் தேர்வின் ரஃப் தாளை எடுத்துவந்து காட்டினாள். ஒரு கேள்விக்குச் சரியான விடையைக் குறித்திருந்தாள். அதற்கான வேலை இரண்டே வரிதான். அதன் பக்கத்தில் சிவப்பு மையில் "ஊகம். முழுக் கணக்கு எங்கே?" என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு வரிகளையும் படித்துப் பார்த்தேன். அவை ஊகம் அல்ல, முழுமையான நிரூபணம். அதைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

கேள்வி உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். 2010ஆம் ஆண்டு ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வின் முதல் தாளில் வந்தது:

∫₀¹ x⁴(1−x)⁴/(1+x²) dx

ஆப்ஷன்கள் நான்கு: (A) 22/7 − π, (B) 2/105, (C) 0, (D) 71/15 − 3π/2. ஒன்றோ, ஒன்றுக்கு மேலோ சரியாக இருக்கலாம் என்ற வகைக் கேள்வி.

நாம் வகுப்பில் காட்டும் வழி என்ன? தொகுதியை விரித்து, எட்டாம் படிக் கோவையை x²+1ஆல் வகுக்கிறோம். ஈவு x⁶−4x⁵+5x⁴−4x²+4, மீதி −4. பிறகு ஒவ்வொரு உறுப்பாகத் தொகையிட்டால் 22/7 − π வருகிறது. நல்ல வழிதான், குறை சொல்லவில்லை. ஆனால் நடுவில் ஒரு குறி மாறினால் மொத்தமும் போய்விடும். போனது பிள்ளைக்குத் தெரியவும் தெரியாது.

அந்த மாணவி எழுதியது இதுதான். x ஆனது 0க்கும் 1க்கும் இடையில் இருக்கும்போது x(1−x) ஒருபோதும் 1/4ஐத் தாண்டாது. அதன் நான்காம் படி 1/256ஐத் தாண்டாது. பகுதியில் உள்ள 1+x² எப்போதும் 1க்குக் குறையாது. இடைவெளியின் நீளமும் 1. ஆகவே விடை 1/256ஐவிடக் குறைவு, அதாவது 0.004ஐத் தாண்டாது. உள்ளே இருக்கும் சார்பு இரு முனைகளையும் தவிர எங்கும் மிகை எண் என்பதால் விடை 0ஐவிடப் பெரியது.

சரி, இப்போது ஆப்ஷன்களுக்கு வருவோம். C பூஜ்யம், அடித்துவிடலாம். B சுமார் 0.019, மேல்வரம்பைப் போல ஐந்து மடங்கு, அதுவும் போயிற்று. Dஇல் 71/15 என்பது 4.7333, 3π/2 என்பது 4.7124. வித்தியாசம் 0.021, அதுவும் போயிற்று. மிஞ்சுவது A. 3.14286 − 3.14159 = சுமார் 0.0013, வரம்புக்குள் அழகாக உட்காருகிறது. ஒன்றாவது சரியாக இருந்தே ஆக வேண்டும் என்பதால் வேலை முடிந்தது.

இந்த ஆப்ஷன்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். πக்கு 22/7 என்று போடும் பிள்ளைக்கு என்ன ஆகும்? A பூஜ்யமாகி C உடன் ஒன்றாகிவிடும். D என்பது 71/15 − 33/7, அதாவது (497 − 495)/105 = 2/105. அது அச்சு அசலாக B! நான்கு ஆப்ஷன்கள் இரண்டு ஜோடிகளாகச் சுருங்கிவிடும். 22/7 பழக்கம் உள்ளவர்களுக்காகவே பின்னிய வலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தோராயம் போடச் சொல்லும்போது, எந்த எண்ணை எத்தனை இலக்கம் வரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். இங்கே இரண்டு பெரிய எண்களைக் கழித்து மிகச் சிறிய எண் வருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் 3.14கூடப் போதாது. அதைப் போட்டால் Aஇன் மதிப்பு 0.0029 என்று இரண்டு மடங்குக்கும் மேலாகக் காட்டும். 3.1416 வேண்டும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. சில பிள்ளைகள் நடுப்புள்ளி x = 1/2இல் மதிப்பைக் கண்டுபிடித்து, "சுமார் 0.003, அதற்குப் பக்கத்தில் இருப்பது A" என்று குறிக்கிறார்கள். விடை சரிதான், காரணம் சரியில்லை. 0.003 என்பது சராசரிக்குப் பதிலாக உச்சத்தின் அருகே எடுத்த மதிப்பு. 'பக்கத்தில் இருக்கிறது' என்பதை வைத்து எதையும் அடிக்க முடியாது. 'இதைத் தாண்டவே முடியாது' என்பதை வைத்துத்தான் அடிக்க முடியும். தொகுதியைப் பெரிதாக்கி, பகுதியைச் சிறிதாக்கினால் கிடைப்பது மேல்வரம்பு. எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பது ஒவ்வொரு அடியிலும் தெரிந்திருக்க வேண்டும். அந்த மாணவி அதை ஒழுங்காகச் செய்திருந்தாள்.

இயற்பியல் ஆசிரியர்களுக்கும் ஓர் உதாரணம். 0°C பனிக்கட்டி 100 கிராம், 50°C தண்ணீர் 100 கிராம், இரண்டையும் வெப்பம் வெளியே போகாமல் கலக்கிறோம். இறுதி வெப்பநிலை என்ன? ஆப்ஷன்கள் −15, 0, 10, 25 என்று வைத்துக்கொள்வோம். உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 80 கலோரி. சூத்திரத்தில் அப்படியே போட்டால் (5000 − 8000)/200 = −15 வரும், அது ஆப்ஷனிலும் இருக்கும்! 0க்கும் 50க்கும் இடையில்தான் விடை இருக்க முடியும் என்று ஓரத்தில் எழுதி வைத்த பிள்ளை அந்த இடத்திலேயே நின்றுவிடும். உருகுவதற்கு வெப்பமே தேவைப்படாவிட்டால் 25 வரும், தேவைப்படுவதால் 25உம் போயிற்று. மிஞ்சுவது 0, 10. பனி முழுக்க உருக 8000 கலோரி வேண்டும், தண்ணீர் 0 வரை குளிர்ந்தாலும் 5000தான் தரும். பனி மிஞ்சும், விடை 0.

எல்லாக் கேள்விக்கும் இது உதவாது, அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். முதல் கேள்வியிலேயே ஆப்ஷன்கள் சுமார் 1/700, 1/800, 1/900 என்று இருந்திருந்தால் 1/256 எதையும் அடிக்காது. பகுதி 1க்கும் 2க்கும் இடையில் இருப்பதையும், தொகுதியை மட்டும் தொகையிட்டால் 1/630 வருவதையும் வைத்து வரம்பை 1/1260 முதல் 1/630 வரை குறுக்கலாம். அப்போதும் மூன்றும் உள்ளேதான் இருக்கும். அங்கே முழுக் கணக்குத்தான் ஒரே வழி. எனவே முதலில் ஆப்ஷன்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைப் பொறுத்தே வரம்பு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது. மெயின் தேர்வில் எண்ணாகவே விடையை உள்ளிடும் கேள்விகளில் அடிக்க ஆப்ஷனே கிடையாது. அங்கே வரம்பு, போட்ட கணக்கைச் சரிபார்க்க மட்டும்தான்.

அப்புறம் மதிப்பெண் கணக்கு. மெயினில் சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. நான்கில் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண். இரண்டை நியாயமாக அடித்துவிட்டு மிச்ச இரண்டில் ஒன்றைக் குறித்தால் ஒன்றரை. கால்குலேட்டர் இல்லாத தேர்வில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. கரும்பலகையில் கணக்கைத் தொடங்கும் முன், விடை எந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்க வேண்டும் என்று வகுப்பைக் கேட்டு ஓரத்தில் எழுதுங்கள். கணக்கு முடிந்ததும் அந்த ஓரத்தைத் திரும்பிப் பாருங்கள். இரண்டாவது, மாதிரித் தேர்வுக்கு நீங்கள் அச்சடித்துத் தரும் தீர்வுப் புத்தகத்தில், முழுத் தீர்வுக்கு மேலே "வரம்பு" என்று ஒரு வரியும், எந்த ஆப்ஷன் எதனால் போகிறது என்பதும் இருக்கட்டும். அடுத்த முறை அப்படி இரண்டு வரி எழுதிய ரஃப் தாள் உங்கள் கைக்கு வந்தால், சிவப்பு மையை எடுக்கும் முன் அந்த வரிகளைப் படித்துப் பாருங்கள்.

அன்புடன்,
மாலை வகுப்புக் கணக்கு ஆசிரியர் ஒருவர்