கிளிப் மாட்டு, பிறகு ஓட்டு: பலகை வைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்தில் சாலைப் பாதுகாப்பு விளம்பரங்களை முடிவு செய்யும் அலுவலர்களுக்கு வணக்கம்.

அலங்காநல்லூர் சாலையில் சென்ற மாதம் நீங்கள் கட்டிய புதிய பேனரைப் பார்த்த பிறகே இந்த மடலை எழுதுகிறேன். ‘விலைமதிப்பற்ற உயிரைக் காத்திட, வீட்டில் காத்திருக்கும் குடும்பத்தை நினைத்திட, தலைக்கவசம் அணிந்து பாதுகாப்பாகப் பயணிப்பீர்’ என்கிறது அது. நல்ல எண்ணத்தில் எழுதிய வாசகம்தான். ஆனால் அந்தப் பேனரிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் எங்கள் தெருப் பையன் விழுந்து இறந்தான். அவன் ஹெல்மெட் போட்டிருந்தான். அந்தப் பேனர் சொல்வதையெல்லாம் அவன் செய்திருந்தான்.

செய்யாமல் விட்டது ஒன்றுதான்: கிளிப்பை மாட்டவில்லை.

அந்த ஹெல்மெட்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். சாலையோரக் கருவேல முள்ளுக்குள் கிடந்ததை எடுத்து வந்து அவன் அம்மாவிடம் கொடுத்திருந்தார்கள். வெளி ஓட்டில் முள் கீறியது தவிர வேறு தேய்ப்பு இல்லை. உள்ளே துணியை விலக்கினால் தெர்மாகோல் போன்ற நுரை இருக்கும். அடி விழும்போது தான் நசுங்கி, மண்டைக்குப் போகும் அதிர்ச்சியைக் குறைப்பது அதுதான். அது எங்கும் அமுங்கவில்லை. தாடைப் பட்டை கிழியவில்லை, ஓட்டோடு அதைப் பிணைக்கும் ஆணி இளகவில்லை, கிளிப்பின் பல் ஒன்றுகூட உடையவில்லை. மாட்டியிருந்த பட்டை பிய்த்துக்கொண்டு போயிருந்தால் இவற்றில் ஏதாவது ஒன்றில் தடயம் இருந்திருக்கும். ஆக, தலை தரையில் மோதுவதற்கு முன்பே ஹெல்மெட் கழன்று போய்விட்டது. வண்டியிலிருந்து விழுகிறவருக்குப் பெரும்பாலும் தோளோ இடுப்போதான் முதலில் தரையில் படும். அந்த முதல் குலுக்கலிலேயே மாட்டாத ஹெல்மெட் பறந்துவிடும். தலை அடுத்ததாகத்தான் மோதும், வெறுந்தலையாக.

மாட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. எல்லா விபத்திலும் ஹெல்மெட் காப்பாற்றுவதில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு மிஞ்சியது இன்னொரு துயரம். வந்தவர்கள் எல்லாரும் “ஹெல்மெட் போடவில்லையா?” என்றே கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அந்த அடிபடாத ஹெல்மெட்டை எடுத்துக் காட்டி, “போட்டுக்கொண்டுதான் போனான்” என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர், பிள்ளைக்குச் சாட்சியும் சொல்ல வேண்டியிருந்தது.

சட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு, பட்டையால் தலையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருப்பதைத்தான் பாதுகாப்புத் தலைக்கவசம் என்கிறது. மாட்டாமல் கவிழ்த்து வைத்தது சட்டத்தின் கண்ணில் ஹெல்மெட்டே அல்ல. ஆனால் ஊரில் என்ன நடக்கிறது? ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயந்து, சோதனை நடக்கும் இடம் வந்ததும் பெட்ரோல் டேங்க் மேல் இருக்கும் ஹெல்மெட் தலைக்கு ஏறுகிறது. ஓடுகிற வண்டியில் ஒரு கையால் ஹெல்மெட்டைக் கவிழ்க்கலாம். கிளிப் மாட்ட முடியாது. நிறுத்திப் பார்ப்பவர்களும் தலையில் இருக்கிறதா என்று பார்க்கிறார்களே தவிர, தாடைக்குக் கீழே பார்ப்பதில்லை. உங்கள் பேனரும் அங்கே பார்க்கவில்லை.

அதனால் என் கோரிக்கை ஒன்றே. பேனரை மாற்றுங்கள். இப்படி எழுதுங்கள்:

கிளிப் மாட்டு, பிறகு ஓட்டு.

நான்கே சொற்கள். ‘தலைக்கவசம் உயிர்க்கவசம்’ என்பதும் சிறியதுதான், நாவில் நிற்பதுதான்; அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஓர் உண்மையைச் சொல்கிறது, கைக்கு வேலை சொல்லவில்லை. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மாட்டாமல் போகிறவன் அதைப் படித்துவிட்டு, தான் சரியாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்துக் கடந்து போவான். எங்கள் தெருப் பையனும் அப்படித்தான் கடந்திருப்பான். புதிய வாசகம் அவன் கையைத் தாடைக்குக் கொண்டுபோக வேண்டும். ‘மாட்டுங்கள்’ என்ற மரியாதை இல்லையே என்று யாராவது தயங்கினால், வீட்டு வாசலில் நின்று அம்மா சொல்வது இந்தக் குரலில்தான் என்று சொல்லிவிடுங்கள்.

சுருக்கத்துக்குக் காரணம் அழகு அல்ல, கணக்கு. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி நொடிக்குப் பதினோரு மீட்டர் ஓடுகிறது. ஒரு சென்டிமீட்டர் உயர எழுத்தை ஏறத்தாழ நான்கு மீட்டர் தூரத்திலிருந்து படிக்கலாம் என்பது சாலைப் பலகைகளுக்கான தோராய அளவு. அதுவும் ஆங்கில எழுத்துக்கு. உங்கள் பேனரில் பெரிய மனிதர்களின் படங்கள் போக மிஞ்சிய இடத்தில், எழுத்து ஐந்து சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அப்படியென்றால் இருபது மீட்டரில்தான் அது கண்ணுக்குப் பிடிபடும். இரண்டு நொடிக்குள் கடந்துவிடும். அதற்குள் எதிரே வரும் மினிபஸ்ஸையும் பார்த்துக்கொண்டு பதினொரு சொல்லை யார் படிக்க முடியும்? நான்கு சொல்லை இருபது சென்டிமீட்டர் உயரத்தில் எழுதினால், தமிழ் எழுத்தின் சுழிகளுக்காகப் பார்வைத் தூரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், மூன்று நொடிக்கு மேல் கிடைக்கும். ஒரே பார்வையில் முடிந்துவிடும். பக்கத்தில் தாடைக்குக் கீழே பட்டை மாட்டும் கையை மட்டும் படமாகப் போடுங்கள். வேறு முகம் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, வைக்கும் இடம். ஓடும்போது மாட்ட முடியாததை ஓடுகிறவனிடம் சொல்லிப் பயனில்லை. பெட்ரோல் பங்கிலிருந்து வெளியேறும் வாசல், மாட்டுத்தாவணியிலும் ரயில் நிலையத்திலும் இருசக்கர வாகனக் காப்பகத்தின் வெளிவழி, காளவாசல், கோரிப்பாளையம் சிக்னல்களில் வண்டிகள் நிற்கும் கோடு: இங்கெல்லாம் இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். படித்த உடனே செய்துவிடலாம். வளைவிலும் சாலை நடுவிலும் வைக்காதீர்கள்.

அதிலும் துணிப் பேனர் கட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 2019இல் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவில் இருந்த பேனர் சரிந்து விழுந்து, இருசக்கர வண்டியில் போன ஓர் இளம்பெண் உயிரிழந்தார். நாடே பேசியது. அதற்குப் பிறகும் இங்கே தடுப்புக் கம்பியில் சணல் கயிற்றால் கட்டுகிறார்கள். ஆடிக் காற்றில் அது அறுந்து சாலையில் அடித்துக்கொண்டு கிடக்கிறது. பாதுகாப்பைச் சொல்ல வந்தது வண்டிக்காரன் முகத்தில் அறைவதா? யார் இதைக் கேட்பது? சுவர் இருக்கும் இடத்தில் சுவரில் எழுதுங்கள். சுவர் இல்லாத இடத்தில் இரும்புப் பலகையை ஊன்றுங்கள்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வரும். அதே நேரம் பொங்கலும் வரும். ஜல்லிக்கட்டுப் பார்க்க அலங்காநல்லூருக்கும் பாலமேட்டுக்கும் இருசக்கர வண்டிகள் சாரை சாரையாக வரும். அதற்கு முன்பாகப் புதிய பலகைகளை வையுங்கள். சோதனைக்கு நிற்கும் காவலர்களிடம், அபராதச் சீட்டை எடுப்பதற்கு முன் பட்டைக்கும் தாடைக்கும் இடையே இரண்டு விரல் மட்டும் நுழைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்திருந்தால் இறுக்கிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே சோதனை வேண்டும்.

வாசகம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் இதைவிட நல்லதாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு மகிழ்ச்சியே. நான்கு சொல்லுக்கு மேல் போகாமல், கிளிப் மாட்டச் சொல்வதாக அது இருக்கட்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அலங்காநல்லூர் சாலையில் தினமும் வண்டி ஓட்டும் ஒருவர்